18 வோல்ட், 13 மி.மீ. சக் பேட்டரி டிரில்: வாங்க வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

இந்த மெஷின் என்ன வகை? பெட்டியில் என்னவெல்லாம் வருகிறது?

பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் டிரில். வளையத்தைச் சுத்தியல் குறிக்குத் திருப்பினால் சுற்றிக்கொண்டே தட்டவும் செய்யும், அதுதான் ஹேமர் நிலை. 18 வோல்ட் லித்தியம் பேட்டரி, கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார், சாவி இல்லாமல் கையாலேயே இறுக்கும் 13 மி.மீ. சக். கியர் இரண்டு. முதல் கியரில் நிமிடத்துக்கு 500 சுற்று வரை, இரண்டாவதில் 1,900 வரை. முறுக்கு விசை அதிகபட்சம் 60 நியூட்டன் மீட்டர். பேட்டரியோடு சேர்த்துக் கையில் பிடித்தால் ஒன்றே முக்கால் கிலோ.

பெட்டிக்குள் 2 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு, சார்ஜர், பக்கக் கைப்பிடி, ஆழம் பார்க்கும் கம்பி, 5, 6, 8, 10 மி.மீ. சுவர் பிட்கள், இரும்பு பிட் ஆறு, ஸ்க்ரூ பிட் ஒரு கொத்து, அவற்றை மாட்டும் காந்த ஹோல்டர். இந்த அளவில் பல கம்பெனிகள் செய்கின்றன. சுற்றும் விசையும் கொஞ்சம் முன்பின் இருக்கும், மற்றபடி கீழே சொல்வது இந்த வகை மெஷின் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

18 வோல்ட், 20 வோல்ட், 21 வோல்ட் என்று மூன்று இருக்கிறதே, எது பெரியது? பக்கத்துக் கடையில் 48 வோல்ட்டே இருக்கிறது!

முதல் மூன்றும் பெரும்பாலும் ஒன்றுதான். பேட்டரிக்குள் பென்டார்ச் செல்லைவிடக் கொஞ்சம் தடிமனான லித்தியம் செல்கள் வரிசையாக இருக்கும். ஒரு செல்லின் சராசரி அழுத்தம் 3.6 வோல்ட், முழுதாகச் சார்ஜ் ஏறியவுடன் 4.2 வோல்ட். ஐந்து செல்லைத் தொடராகக் கோத்தால் சராசரி 18, சார்ஜரிலிருந்து எடுத்த நிமிடத்தில் 21. ஒருவர் சராசரியை அச்சடிக்கிறார், இன்னொருவர் உச்சத்தை அச்சடிக்கிறார், மூன்றாமவர் நடுவில் 20 என்று போட்டு "மேக்ஸ்" சேர்த்துக்கொள்கிறார். உள்ளே அதே ஐந்து செல்தான். 12 வோல்ட் மெஷின் கதையும் இதேதான்: மூன்று செல், சராசரி 10.8, உச்சம் 12.6.

48, 88, 128 என்று எண்ணுக்குப் பின்னால் ஏதோ எழுத்து ஒட்டிக்கொண்டு வருவதை நம்ப வேண்டாம். அந்த மாதிரி மெஷின் ஒன்றை யாராவது காட்டினால் நான் முதலில் மெஷினைப் பார்க்க மாட்டேன், சார்ஜரைத்தான் திருப்பிப் பார்ப்பேன். பின் குத்துகிற சாதாரண சார்ஜராக இருந்தால் அதன் ஸ்டிக்கரில் அவுட்புட் என்ற வரி இருக்கும். அங்கே 12.6 என்றிருந்தால் மூன்று செல், 16.8 என்றிருந்தால் நான்கு செல், 21 என்றிருந்தால் ஐந்து செல். பெட்டி எத்தனை பெரிய எண்ணை வேண்டுமானாலும் சொல்லலாம், சார்ஜரில் அப்படிப் போட்டால் பேட்டரி கெட்டுவிடும் என்பதால் அங்கே உண்மையைத்தான் எழுதியாக வேண்டும்.

2 ஆம்பியர்-அவர் பேட்டரி போதுமா? ஒரு சார்ஜில் எத்தனை ஓட்டை போடலாம்?

எந்தச் சுவரில் என்பதைப் பொறுத்தது. தோராயமாக ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 18 வோல்ட்டை 2 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 36 வாட்-அவர், இதுதான் பேட்டரியில் இருக்கும் சரக்கு. அழுத்திப் போடும்போது மெஷின் 300 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செங்கல் சுவரில் 8 மி.மீ. ஓட்டை பத்து நொடியில் முடிந்துவிடும், அதற்கு ஒரு வாட்-அவர்கூடச் செலவாகாது. அப்படியென்றால் ஒரு சார்ஜில் நாற்பது ஓட்டை. அதே அளவு ஓட்டையைக் கான்கிரீட்டில் போட இரண்டு நிமிடம் முக்க வேண்டியிருந்தால் ஒன்றுக்குப் பத்து வாட்-அவர் போய்விடும். மூன்று, மிஞ்சினால் நான்கு ஓட்டையோடு பேட்டரி படுத்துக்கொள்ளும்.

வீட்டு வேலைக்கு இரண்டு பேட்டரி தாராளம், ஒன்று ஓடும்போது இன்னொன்று சார்ஜில் இருக்கும். தினமும் தொழிலுக்கு எடுத்துப் போகிறவர் 4 ஆம்பியர்-அவர் வாங்குவது நல்லது. அதில் பொதுவாகப் பத்து செல் இரண்டு வரிசையாக இருப்பதால் பாரம் பிரிந்து போகும். அழுத்தும்போது மெஷின் திணறுவது குறையும், சூடும் குறையும். வேலை முடிந்த கையோடு சுடச்சுட இருக்கும் பேட்டரியைச் சார்ஜரில் சொருகாதீர்கள், கால் மணி நேரம் ஆறட்டும். வண்டி டிக்கியில் வெயிலில் போட்டு வைப்பதும் கூடாது.

13 மி.மீ. சக் என்றால் 13 மி.மீ. ஓட்டை போடும் என்று அர்த்தமா?

இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் நிறையப் பேர் தப்பான மெஷினை வாங்கிப் போகிறார்கள். சக் என்பது பிட்டின் அடித்தண்டைப் பிடிக்கும் வாய். 13 என்பது அந்த வாய் எவ்வளவு தடித்த தண்டு வரை கவ்வும் என்ற கணக்கு, அவ்வளவுதான். ஓட்டை எவ்வளவு பெரிதாக வரும் என்பதைப் பிட்டும் மோட்டாரும் சுவரும் சேர்ந்து முடிவு செய்கின்றன. மரத்தில் தட்டை பிட் மாட்டி 25 மி.மீ. ஓட்டைகூட இதே சக்கில் போடலாம், அந்தப் பிட்டின் தண்டு ஆறேகால் மி.மீ. சொச்சம்தான். கான்கிரீட்டிலோ 13 மி.மீ. பிட் சக்கில் அழகாக உட்காரும், ஆனால் ஓட்டை விழாது.

நான் சொல்லும் அளவு இது. செங்கலில் 10, அவசரத்துக்கு 12. இரும்பில் 10. கான்கிரீட்டில் 8, அதுவும் எப்போதாவது. பெட்டியில் இதைவிடப் பெரிய எண்கள் இருக்கும். அவை ஒரு முறை போட்டுக் காட்டக்கூடிய எல்லை, ஒரு நாள் முழுக்கப் போடக்கூடிய எல்லை அல்ல.

10 மி.மீ. சக் போதுமே என்று சிலர் கேட்பார்கள். கர்ட்டன், படம், அலமாரி மட்டும் என்றால் போதும். 10 மி.மீ.க்கு மேல் தண்டு தடித்த பிட்கள் அதில் நுழையாது, அதுதான் வித்தியாசம்.

பிட்டை மாட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். சக்குக்குள் மூன்று தாடை இருக்கின்றன. மெல்லிய பிட் சில சமயம் இரண்டு தாடைக்கு இடையில் சரிந்து மாட்டிக்கொள்ளும், இறுக்கினாலும் இறுகும். ஆனால் சுற்றினால் முனை வட்டம் போடும், ஓட்டை அகன்றுவிடும். அதனால் இறுக்கியதும் சும்மா ஒரு தடவை ஓட்டி, முனை ஒரே புள்ளியில் நிற்கிறதா என்று பாருங்கள். நடுவழியில் பிட் வழுக்கினால் அதன் தண்டில் வட்டவட்டமாகப் பளபளவென்று கோடு விழுந்திருக்கும். அப்படி விழுந்த பிட் திரும்பத் திரும்ப வழுக்கும், மாற்றிவிடுவதே மேல்.

ஜன்னலுக்கு மேலே கர்ட்டன் ராடு மாட்டப் போனேன். அரை இஞ்ச் சர்ரென்று போனது, அப்புறம் நகரவே இல்லை. மெஷினில் கோளாறா?

வாரத்துக்கு ஒருவராவது இதே புகாரோடு மெஷினைத் திருப்பிக் கொண்டு வருகிறார். மெஷினில் கோளாறு இல்லை. அந்த அரை இஞ்ச்தான் சுவர்ப் பூச்சு. அதற்குப் பின்னால் நீங்கள் தொட்டது லிண்டல்.

ஜன்னலின் மேல் விளிம்பிலிருந்து அரை அடி உயரத்துக்குக் கம்பி கட்டிய கான்கிரீட் உத்தரம் போகும், அதுதான் மேலே உள்ள சுவரைத் தாங்குகிறது. ஜன்னலின் இரண்டு பக்கமும் அது இன்னும் அரை அடியாவது சுவருக்குள் நீண்டிருக்கும். சில வீடுகளில் நிற்காமல் சுற்றுச்சுவர் முழுக்கப் பட்டையாகவே ஓடும். கர்ட்டன் ராடு வழக்கமாக ஜன்னலுக்கு மேலே இரண்டு மூன்று இஞ்சில் வரும் என்பதால் சரியாக அதன் வயிற்றில்தான் குத்துவீர்கள்.

எங்கே குத்துகிறோம் என்பதைத் தூள் சொல்லிவிடும். சிவப்பாகக் கொட்டினால் செங்கல். மணல் மாதிரி சாம்பல் நிறத்தில் பொலபொலவென்று வந்தால் பூச்சு. வெளுத்த சாம்பலாக, மாவு போல, கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் கான்கிரீட். வெள்ளைவெளேரென்று வந்து பிட் வெண்ணெயில் போவதுபோல் போனால் எடை குறைந்த ஏஏசி பிளாக், அங்கே ஹேமரை அணைத்துவிடுங்கள். ஃப்ளை ஆஷ் கல் மட்டும் ஏமாற்றும். தூள் சாம்பலாக இருக்கும், ஆனால் பிட் வேகமாகப் போகும். அதனால் நிறத்தோடு வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள். தூளே வராமல், மின்னுகிற துகள் வந்து, சத்தம் கீச்சென்று மாறினால் கம்பியைத் தொட்டுவிட்டீர்கள். உடனே நிறுத்துங்கள். சுவர் பிட்டின் முனையில் பற்றவைத்திருக்கும் கார்பைடு துண்டு கம்பியில் உரசினால் சில நொடியில் மழுங்கிவிடும்.

சரி, இப்போது அந்த ராடை எப்படி மாட்டுவது? முதல் வழி, முடிந்தால் இடத்தை மாற்றுவது. ஜன்னல் விளிம்பிலிருந்து எட்டு இஞ்ச் மேலே போனால் லிண்டலைத் தாண்டி செங்கலுக்கு வந்துவிடுவீர்கள். திரைச்சீலையும் உயரமாகத் தொங்கும், அறை பெரிதாகத் தெரியும். அங்கே 8 மி.மீ. பிட், ஹேமர் நிலை, இரண்டாவது கியர், பத்து நொடி. வேலை முடிந்தது.

லிண்டலில்தான் மாட்டியாக வேண்டும் என்றால் லிண்டலின் நடு உயரத்தைப் பிடியுங்கள், அதாவது ஜன்னல் விளிம்பிலிருந்து மூன்று இஞ்ச் மேலே. முக்கியக் கம்பிகள் அடிப்பக்கத்திலும் மேல்பக்கத்திலும் படுத்திருக்கும், நடுவில் நெட்டுக்குத்தாகப் போகும் வளையக் கம்பி மட்டும்தான் குறுக்கிடலாம். அது குறுக்கிட்டால் ஒரு இஞ்ச் பக்கவாட்டில் தள்ளினால் தப்பித்துவிடலாம். முதலில் 5 மி.மீ. பிட்டால் 50 மி.மீ. ஆழம் போடுங்கள். பதினைந்து நொடிக்கு ஒருமுறை பிட்டை ஓடவிட்டபடியே வெளியே இழுத்தால் தூள் கொட்டும். தூள் உள்ளேயே தங்கினால் பிட் அதன்மேல் உரசிச் சூடாகுமே தவிர முன்னேறாது. பிறகு 8 மி.மீ. பிட்டால் அதே ஓட்டையை அகலப்படுத்துங்கள். ஒரு ஓட்டைக்கு இரண்டு மூன்று நிமிடம் ஆகும், மாட்டலாம்.

ஆழம் ஏன் 50? ஸ்க்ரூவைப் பிடிக்க ஓட்டைக்குள் சொருகும் 8 மி.மீ. பிளாஸ்டிக் பிளக்கின் நீளம் பொதுவாக 40 மி.மீ. பின்னால் தூள் தங்கவும் ஸ்க்ரூ முனை எட்டிப் பார்க்கவும் பத்து மி.மீ. கூடுதல். பெட்டியில் வந்த ஆழக் கம்பியைப் பக்கக் கைப்பிடியில் சொருகி, பிட்டின் முனை அதைவிட 50 மி.மீ. முன்னால் இருக்கும்படி இறுக்கினால் கம்பி சுவரைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளலாம். பூச்சின் கனம் அரை இஞ்ச் போக மிச்சம் கெட்டியான சுவரில் பிளக் பிடிக்கிறதா என்பதுதான் முக்கியம். பிளக்கின் பாதி பூச்சிலேயே நின்றால் ஆறு மாதத்தில் ராடு திரைச்சீலையோடு கீழே வரும்.

அப்புறம் எலெக்ட்ரீஷியன் மெஷின் மட்டும் எப்படி அதே லிண்டலில் பத்து நொடியில் போடுகிறது?

அவர் கையில் இருப்பது ரோட்டரி ஹேமர், வேறு இனம். நம் மெஷினுக்குள் பல் வெட்டிய இரண்டு வட்டத் தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்குகின்றன. ஒரு சுற்றுக்குப் பதினைந்து தட்டு என்றால் 1,900 சுற்றுக்கு நிமிடத்தில் 28,500 தட்டு. கேட்கப் பிரமாதமாக இருக்கும், ஆனால் ஒவ்வொன்றும் விரலால் சுண்டுவது போல. நீங்கள் எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவுதான் அதன் பலம். ரோட்டரி ஹேமரில் ஒரு பிஸ்டன் காற்றை அழுத்தி, உள்ளே இருக்கும் இரும்புக் கட்டையைப் பிட்டின் பின்புறத்தில் எறிகிறது. நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் சுத்தியல் அடி. அதனால் அவர் தள்ளக்கூட வேண்டாம், பிடித்துக்கொண்டால் போதும்.

அந்த மெஷினின் பிட்டை இதில் மாட்ட முடியுமா என்பது அடுத்த கேள்வியாக வரும். முடியாது. எஸ்டிஎஸ் பிட்டின் தண்டில் காடி வெட்டியிருக்கும், அது முன்னும் பின்னும் ஆடுவதற்காகச் செய்தது. மூன்று தாடை சக்கில் இறுக்கினால் நேராக உட்காராது, அடியும் இதில் கிடையாது.

பாத்ரூம் டைல்ஸில் போடலாமா? உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

ஹேமரை அணைத்துவிட்டால் போடலாம். டைல்ஸ் உடைவதில் பத்துக்கு ஒன்பது அந்தக் குறியை மாற்ற மறந்ததால்தான். டைல்ஸின் மேல் காகித டேப் ஒட்டி, புள்ளி வைத்து, ஈட்டி முனை கொண்ட டைல்ஸ் பிட்டை முதல் கியரில் மெதுவாக ஓட்டுங்கள். டேப் இருந்தால் முனை வழுக்கி ஓடாது. சாதாரணச் சுவர் டைல்ஸ் ஒரு நிமிடத்துக்குள் வழிவிடும். வழிவிட்டதை உணர்ந்ததும் நிறுத்தி, சுவர் பிட்டை மாட்டி, அதன் பிறகே ஹேமரைப் போட்டு உள்ளே இறங்குங்கள். விட்ரிஃபைட் டைல்ஸில் ஈட்டி முனை மழுங்கிவிடும். அதற்கு வைர முனை பிட் வேண்டும், தண்ணீர் சொட்டு விட்டுக்கொண்டே போட வேண்டும். இரண்டு பிட்டும் இந்தப் பெட்டியில் இல்லை, தனியாக வாங்க வேண்டும்.

பிளக்கை டைல்ஸ் கனத்தைத் தாண்டி உள்ளே தள்ளிவிடுங்கள். ஸ்க்ரூ ஏறும்போது பிளக் விரியும். அந்த விரிவு டைல்ஸுக்குள் நடந்தால் ஓட்டை போடும்போது தப்பித்த டைல்ஸ் இப்போது விரிசல் விடும்.

இன்னொன்று, கீசர் மாட்டப் போகிறவர்களுக்கு. 15 லிட்டர் தண்ணீர் மட்டும் 15 கிலோ, கீசரின் சொந்த எடை அதற்கு மேல். அதைப் பிளாஸ்டிக் பிளக்கில் தொங்கவிட வேண்டாம், அதோடு வரும் ஆங்கர் போல்ட்டைப் போடுங்கள். பிளம்பிங் குழாய் எங்கே போகிறது என்று தெரியாத பாத்ரூம் சுவரில் குழாய்க்கும் சுவிட்சுக்கும் நேர் மேலேயோ நேர் கீழேயோ ஓட்டை போடவே போடாதீர்கள். பைப்பும் வயரும் அந்த நேர்க்கோட்டில்தான் இறங்கியிருக்கும்.

முன்னால் ஒரு வளையத்தில் 1 முதல் 20 வரை எண் இருக்கிறது. ஸ்க்ரூ போடும்போது கடகடவென்று சத்தம் வருகிறது, கியர் உடைந்துவிட்டதா?

உடையவில்லை, அது க்ளட்ச். நீங்கள் வைத்த எண்ணுக்குரிய இறுக்கம் வந்ததும் மோட்டார் சுற்றினாலும் சக் சுற்றாமல் விட்டுவிடும், அந்தச் சத்தம்தான் கடகட. ஸ்க்ரூவின் தலை நசுங்காமலும் மரத்துக்குள் மூழ்காமலும் காப்பாற்றுவது அதுதான். ஸ்விட்ச் பாக்ஸ் ஸ்க்ரூவுக்கு 3, 4 போதும். பிளைவுட்டில் ஒன்றரை இஞ்ச் ஸ்க்ரூவுக்கு 10 பக்கம் தொடங்கி, தலை சமமாக உட்காரும் வரை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஓட்டை போட டிரில் படம், சுவருக்கு சுத்தியல் படம். இந்த இரண்டிலும் க்ளட்ச் வேலை செய்யாது, முழு விசையும் வரும்.

முழு விசை என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 60 நியூட்டன் மீட்டர் விசையில் ஓடும் பிட் திடீரென்று கம்பியில் சிக்கி நின்றால் மெஷின் சுற்றப் பார்க்கும். நடுவிலிருந்து 20 செ.மீ. தள்ளிப் பக்கக் கைப்பிடியைப் பிடித்திருந்தால் உங்கள் கைக்கு வரும் இழுப்பு ஏறக்குறைய முப்பது கிலோ. பக்கக் கைப்பிடி இல்லாமல் பிஸ்டல் பிடியை மட்டும் பிடித்திருந்தால் அந்த முறுக்கு முழுவதும் மணிக்கட்டுக்கு. ஏணியில் நிற்கும்போது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நிறைய வீடுகளில் அந்தக் கைப்பிடி பெட்டியை விட்டு வெளியே வந்ததே இல்லை.

புது இரும்பு பிட், கிரில் கம்பியில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. மொக்கை பிட்டைக் கொடுத்துவிட்டீர்களா?

முதலில் மெஷின் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். கோபிக்க வேண்டாம், நானே ஒருமுறை இரண்டு பிட்டைக் காலி செய்த பிறகுதான் ரிவர்ஸில் ஓட்டிக்கொண்டிருந்தேன் என்று கண்டுபிடித்தேன். ட்ரிகருக்கு மேலே இருக்கும் தள்ளும் பட்டன் பெட்டியில் போடும்போதே மாறிவிடும்.

அது சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் வேகம். இரும்பில் இரண்டாவது கியரில் முழு வேகம் கொடுத்தால் பிட் வெட்டாது, உரசும். முனை நீலமாக மாறியிருந்தால் சூட்டில் அதன் கெட்டித்தன்மை போய்விட்டது என்று பொருள், பிறகு தீட்டினால்தான் உண்டு. முறையாகச் செய்வதானால், ஓட்டை வேண்டிய இடத்தில் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டு. அந்தக் குழியில் 3 மி.மீ. பிட், முதல் கியர், இரண்டு சொட்டு எண்ணெய், நன்றாக அழுத்தி. அது துளைத்த பிறகு 8 மி.மீ. பிட். சுருள் சுருளாகச் சீவல் வந்தால் வெட்டுகிறது. கறுப்புத் தூளாக வந்தால் உரசுகிறது, நிறுத்துங்கள். மறுபக்கம் வெளியே வரும் நொடியில் பிட் கவ்விக்கொள்ளும், அங்கே அழுத்தத்தைக் குறையுங்கள்.

சுவர் பிட்டை இரும்பில் போடுவது, இரும்பு பிட்டைச் சுவரில் போடுவது, இரண்டும் பிட்டைக் கொல்லும். சுவர் பிட்டின் நுனியில் தண்டைவிட அகலமாக ஒரு துண்டு பற்றவைத்தது கண்ணுக்கே தெரியும். இரும்பு பிட் நுனி வரை ஒரே உலோகமாகக் கூர்மையாக இருக்கும்.

இன்னொரு பெட்டியில் 108 சாமான் தருகிறார்களே, உங்கள் பெட்டியில் இருபது கூட இல்லை?

அந்த 108-ஐ ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். பிளக்கும் ஸ்க்ரூவும் ஒவ்வொன்றாகச் சேர்த்து எண்பதுக்கு மேல். மிச்சத்தில் பாதி, ஒரே அளவு ஸ்க்ரூ பிட்டின் மறுபதிப்புகள். வேலைக்கு உதவுவது என்று பார்த்தால் நான்கு சுவர் பிட், ஐந்தாறு இரும்பு பிட், நல்ல பிஎச்2 ஸ்க்ரூ பிட் ஒன்று. இரண்டாவது பேட்டரி அந்தப் பெட்டியில் இல்லை. வீட்டில் ஓட்டைகளில் பெரும்பாலானவை 6, 8 மி.மீ. தான். அந்த இரண்டு அளவில் தனியாக நல்ல பிட் ஒவ்வொன்று வாங்கி வைத்தால் மிச்ச சாமான் எத்தனை இருந்தாலும் ஒன்றுதான்.

பிளக் வாங்கும்போது ஸ்க்ரூவையும் பொருத்திப் பாருங்கள். 6 மி.மீ. பிளக்குக்கு 4 முதல் 5 மி.மீ. ஸ்க்ரூ, 8 மி.மீ. பிளக்குக்கு நாலரை முதல் 6. மெல்லிய ஸ்க்ரூ போட்டால் பிளக் விரியாது, கையோடு வந்துவிடும்.

எந்த வேலைக்கு இதை எடுக்கவே கூடாது?

கூரை ஸ்லாபில் ஃபேன் கொக்கிக்கு 12 மி.மீ. போடுவது, ஏசி பைப்புக்குச் சுவரில் பெரிய வட்ட ஓட்டை எடுப்பது, பெயின்ட் அல்லது டைல்ஸ் பசை கலக்குவது. முதல் இரண்டுக்கு ரோட்டரி ஹேமரும் கோர் கட்டரும் வேண்டும். மூன்றாவதைச் செய்கிறவர்கள்தான் அதிகம். பசை கலக்கும்போது மெதுவாக, நிறுத்தாமல், பாரத்தோடு ஓட வேண்டும். வேகம் குறைவானால் மோட்டாருக்குள் இருக்கும் விசிறியின் காற்றும் குறைவு, சூடு ஏறிக்கொண்டே போகும். விளக்கு மினுக்கி மெஷின் தானாக நின்றால் பாதுகாப்புக்காக நின்றது. பேட்டரியைக் கழற்றி ஆறவிடுங்கள். உடனே திரும்பத் திரும்ப ட்ரிகரை அழுத்தி எழுப்புகிறவர்கள் மெஷினைச் சீக்கிரம் என்னிடம் கொண்டு வருகிறார்கள்.

வருடத்துக்கு இரண்டு ஓட்டை என்றால் வாங்கவே வேண்டாம். எங்கள் கடை மாதிரி பல ஊர்க் கடைகளில் நாள் வாடகைக்கு ரோட்டரி ஹேமரே கிடைக்கும்.

மச்சான் அமெரிக்காவிலிருந்து இதே 18 வோல்ட் மெஷினை வாங்கி வந்திருக்கிறார். இங்கே ஓடுமா?

மெஷின் ஓடும், பேட்டரியும் சரி. சந்தேகம் சார்ஜர்மேல்தான். அதன் அடியில் இன்புட் என்ற வரியைப் படியுங்கள். 100–240 என்று இருந்தால் பின் மாற்றி மட்டும் வாங்கிச் சொருகிக்கொள்ளலாம். 120 என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட் பிளக் பாயின்ட்டில் சொருகிய நொடியில் புகை வரும். பின் மாற்றி வோல்ட்டைக் குறைக்காது, இதைத் தெரியாமல் சார்ஜரை எரித்துவிட்டு வந்தவர்கள் இருக்கிறார்கள். அதே கம்பெனியின் 230 வோல்ட் சார்ஜரை இங்கே தனியாக வாங்கிக்கொள்ளுங்கள், பேட்டரி உட்காரும் அச்சு பொருந்துகிறதா என்று பேட்டரியைக் கையோடு கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு. சிங்கப்பூர், மலேசியா, இலங்கையிலிருந்து வந்ததென்றால் அங்கேயும் 230 வோல்ட்தான், சதுரப் பின்னுக்கு மாற்றி ஒன்று போதும்.